இன்ட்ராடே மார்ஜினும் கட்டாய ஸ்கொயர் ஆஃப் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ட்ராடே ட்ரேடிங் தொடங்கிய நண்பர்கள் சில சந்தேகங்களை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். எல்லாமே இந்தியப் பங்குச் சந்தையில், பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பது பற்றியவை. உதாரணங்களில் வரும் 500 ரூபாய்ப் பங்கு கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, எந்த நிறுவனத்துடையதும் அல்ல.

கையில ஒரு லட்சம் இருந்தா அஞ்சு லட்சத்துக்கு வாங்கலாம்னு ப்ரோக்கர் சொல்றாங்க. மீதி நாலு லட்சம் யாரோட பணம்?

யாருடைய பணமும் இல்லை. காலையில் 1,000 பங்கு வாங்கி மதியம் அதே 1,000 பங்கை விற்றுவிட்டால், நாள் முடிவில் நீங்கள் பெற வேண்டிய பங்கும் இல்லை, கொடுக்க வேண்டிய பங்கும் இல்லை. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கணக்கில் ஏறும் அல்லது இறங்கும். அந்த வித்தியாசம் நஷ்டமாகப் போனால் அதைத் தாங்குவதற்கான முன்பணம்தான் மார்ஜின். இன்ட்ராடேவுக்கு வட்டி இல்லாததற்கும் இதுவே காரணம்.

கட்டாயமாக மூடுவது ஏன் என்பதும் இதிலிருந்தே வருகிறது. வாங்கியதை அன்றே விற்காமல், அதாவது பொசிஷனை மூடாமல் விட்டால் அடுத்த வேலை நாளில் முழு 5 லட்சத்தையும் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு லட்சம். மீதிக்குப் பொறுப்பு ப்ரோக்கர் தலையில் விழும். அதனால் சந்தை மூடுவதற்கு முன்பே அவர்கள் அதை முடித்துவிடுகிறார்கள்.

முன்னாடி இருபது மடங்கு, முப்பது மடங்கு எல்லாம் கிடைச்சதாமே? இப்ப ஏன் அஞ்சு?

கிடைத்தது. செபி கொண்டுவந்த பீக் மார்ஜின் விதி 2020 டிசம்பரில் 25 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2021 செப்டம்பர் 1 முதல் 100 சதவீதமாக அமலுக்கு வந்தது. அதற்கு முன் நாள் முடிவில்தான் மார்ஜின் கணக்குப் பார்ப்பார்கள். நாள் நடுவில் எவ்வளவு கொடுப்பது என்பது ப்ரோக்கரின் விருப்பமாக இருந்தது. இப்போது பகலில் எதிர்பாராத நேரங்களில் பலமுறை எடுத்துப் பார்க்கிறார்கள்.

குறைந்தபட்சம் 20 சதவீதம் மார்ஜின் என்பதால் அதிகபட்சம் ஐந்து மடங்கு. எல்லாப் பங்குக்கும் ஐந்து கிடைக்காது. அதிகம் ஆடும் பங்குக்கு எக்ஸ்சேஞ்ச் கேட்கும் மார்ஜின் கூடுதல், மடங்கு குறையும். டிரேட் டு டிரேட் பிரிவில் இருக்கும் பங்கில் இன்ட்ராடேவே கிடையாது.

சந்தை 3:30 வரைக்கும்தானே? அப்ப 3:29க்கு வித்தா போதாதா?

போதாது. உங்கள் கெடு சந்தை முடியும் நேரம் அல்ல, உங்கள் ப்ரோக்கர் தானாகவே பொசிஷனை மூடும் ஆட்டோ ஸ்கொயர் ஆஃப் நேரம். பெரும்பாலும் சந்தை முடிவதற்கு 5 நிமிடம் முதல் 20 நிமிடம் முன்பாக அது இருக்கும். ப்ரோக்கருக்கு ப்ரோக்கர் மாறும், ஒரே ப்ரோக்கரிடமும் காலப்போக்கில் மாறும். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் இன்றைய நேரத்தைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரமும் உங்கள் கெடுவாக இருக்கக் கூடாது. அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பாகச் சொந்தக் கெடு ஒன்று வையுங்கள். ப்ரோக்கர் 3:20 என்றால் நான் 3:05 வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 3:05ஐ வைத்துத்தான்.

அவங்களே மூடிடுவாங்கன்னா நான் ஏன் கவலைப்படணும்? விட்டுடலாமே?

முதல் காரணம் சின்னது. பல ப்ரோக்கர்கள் தானாக மூடியதற்கு 50 ரூபாய் அளவில் தனிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் பெரிது. அந்த நேரத்தில் உங்களுடையது மட்டும் மூடப்படுவதில்லை. மூடாமல் விட்ட எல்லாருடைய பொசிஷனும் ஒரே சமயத்தில், கிடைத்த விலைக்குப் போகிறது. அன்று ஏறிய பங்கில் பலரும் வாங்கி வைத்திருப்பார்கள், எல்லாம் விற்பனையாக வந்து விழும். பெரிய பங்கில் இது தெரியாது. ஆர்டர் புத்தகம் மெலிந்த பங்கில் விலை ஒரு ரூபாய் நழுவினால் 1,000 பங்குக்கு 1,000 ரூபாய்.

மூன்றாவது, அது ஒரு வசதி மட்டும்தான், உத்தரவாதம் இல்லை. ஏதோ காரணத்தால் அவர்களால் மூட முடியாமல் போனால் அதன் விளைவு உங்கள் கணக்கில்தான் வரும். கணக்கு தொடங்கும்போது நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் இது இருக்கும்.

எனக்கு மதியம் 12 மணிக்கே மூடிட்டாங்க. கட் ஆஃப் நேரம் வரவே இல்லையே?

நேரம் ஒரு காரணம், நஷ்டம் இன்னொரு காரணம். நஷ்டம் மார்ஜினில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தின்றுவிட்டால் ப்ரோக்கரின் ரிஸ்க் பிரிவு உடனே மூடலாம். அந்த அளவு ப்ரோக்கருக்கு ப்ரோக்கர் வேறு. 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு 5 லட்சம் எடுத்தவருக்கு விலை 16 சதவீதம் எதிராகப் போனால் அந்த இடம் வரும். ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருந்தால் அவ்வளவு தூரம் போகவே போகாது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் ஸ்டாப் இல்லாமல் இருந்ததா, அல்லது அன்று மற்ற பொசிஷன்களிலும் நஷ்டம் சேர்ந்ததா என்று பாருங்கள்.

எத்தனை மணிக்கு மேல புது என்ட்ரி எடுக்கக்கூடாது? 2 மணிங்கறாங்க, 2:30ங்கறாங்க.

எல்லாருக்கும் பொதுவான மணி கிடையாது. ஸ்டாப் எவ்வளவு தூரம், டார்கெட் எவ்வளவு தூரம், பங்கு ஐந்து நிமிடத்தில் சாதாரணமாக எவ்வளவு நகர்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் கடைசி என்ட்ரி நேரத்தைத் தீர்மானிக்கின்றன. என்னிடம் வரும் கேள்விகளில் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன், அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பங்கு 500 ரூபாய். ஸ்டாப் 4 ரூபாய் கீழே, டார்கெட் 8 ரூபாய் மேலே. ஒரு ஐந்து நிமிடக் கேண்டிலில் விலை சாதாரணமாக 1.20 ரூபாய் நகர்கிறது. விலை இப்படியும் அப்படியும் தடுமாறிப் போகிறது என்று எடுத்துக்கொண்டால், இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொடுவதற்கு ஆகும் சராசரி நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
கேண்டில்கள் = (ஸ்டாப் × டார்கெட்) ÷ (நகர்வு × நகர்வு)
            = (4 × 8) ÷ (1.20 × 1.20)
            = 22
```

22 கேண்டில் என்றால் சுமார் 111 நிமிடம். ஆனால் இது சராசரி. இவ்வளவு நேரம் கொடுத்தாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் முடியாமல் நிற்கும். இதைப் போல இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் முடியாமல் நிற்பது எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் நான் இரண்டு மடங்கு வைக்கிறேன்: 222 நிமிடம். 3:05இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 11:23. இந்த ஸ்டாப்பும் டார்கெட்டும் வேண்டுமென்றால் கடைசி என்ட்ரி 11:23. பலர் 2 மணிக்கு எடுப்பதே இந்த மாதிரி ட்ரேடைத்தான்.

அந்த 1.20ஐ எங்கிருந்து எடுக்கறது? சார்ட்ல ஏடிஆர் இருக்கே, அதைப் போடலாமா?

ஏடிஆரைப் போட்டால் நேரம் தவறாகக் குறைந்து வரும். ஏடிஆர் என்பது கேண்டிலின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரத்தை வைத்து வருவது. நமக்கு வேண்டியது ஒரு கேண்டில் முடிவிலிருந்து அடுத்த கேண்டில் முடிவுக்கு விலை எவ்வளவு நகர்ந்தது என்பது. அது ஏடிஆரை விடக் கணிசமாகச் சிறியதாக இருக்கும்.

சந்தை நாளுக்கு 375 நிமிடம், ஐந்து நிமிடக் கேண்டில் 75. பத்து நாள் முடிவு விலைகளை ஒரு ஷீட்டில் B பத்தியில் போடுங்கள். அடுத்தடுத்த முடிவுகளின் வித்தியாசத்தை C பத்தியில் எடுங்கள். நேற்றைய கடைசிக் கேண்டிலிலிருந்து இன்றைய முதல் கேண்டிலுக்கு வரும் வித்தியாசத்தை மட்டும் நீக்கிவிடுங்கள், அது இரவு இடைவெளி, நம் ட்ரேடில் வராதது. மீதி 740 எண்கள் இருக்கும். அப்புறம் இது போதும்:

```
=STDEV(C2:C751)
```

காலையில பங்கு நல்லா ஓடுது, மதியம் தூங்குது. ஒரே நம்பர் ரெண்டுக்கும் சரியா வருமா?

வராது, நல்ல கேள்வி. தொடக்கத்தில் ஆட்டம் அதிகம், நடுப்பகலில் அடங்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் மறுபடி கூடும். நாள் முழுவதற்குமான 1.20ஐ 12 மணிக்குப் போட்டால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

நடுப்பகல் கேண்டில்களை மட்டும் பிரித்து எடுத்தபோது நகர்வு 0.80 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 4, 8 தூரத்துக்கு இப்போது 32ஐ 0.64ஆல் வகுக்க வேண்டும், 50 கேண்டில், அதாவது 250 நிமிடம். அதுவும் சராசரிதான். நகர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, ஏனென்றால் நகர்வு வகுக்கும் இடத்தில் இரண்டு முறை வருகிறது. 9:15 முதல் 10:30, 10:30 முதல் 1:30, அதற்குப் பிறகு என்று மூன்றாகப் பிரித்து மூன்று எண் வைத்துக்கொள்வது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அப்ப மதியத்துக்கு மேல ட்ரேடே பண்ணக்கூடாதா?

பண்ணலாம், தூரத்தைச் சுருக்க வேண்டும். ஸ்டாப் 3, டார்கெட் 4.50 என்று வைத்தால் பெருக்கல் 13.5. நகர்வு 1.20 ஆக இருக்கும் வேளையில் சராசரி 47 நிமிடம், இரண்டு மடங்கு 94 நிமிடம், கடைசி என்ட்ரி 1:31. முன்பு 11:23 ஆக இருந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது.

சுருக்குவதற்கும் எல்லை உண்டு, அது செலவு. 3 ரூபாய் ஸ்டாப் அடித்தால் 1,000 ரூபாய் அளவில் போகும்படி 333 பங்கு எடுத்தால் மதிப்பு 1,66,500 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் இரண்டு பக்கமும் 40, விற்கும்போது 0.025 சதவீத எஸ்டிடி சுமார் 42, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் 105 ரூபாயை ஒட்டி வரும். பங்குக்கு 32 காசு. 4.50 டார்கெட் நிஜத்தில் 4.18, 3 ரூபாய் ஸ்டாப் நிஜத்தில் 3.32. டார்கெட்டை 1 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவுக்கே போய்விடும். ஸ்டாப்பை மட்டும் நெருக்கி நேரத்தைக் குறைக்கவும் முயலாதீர்கள். நகர்வே 1.20 இருக்கும்போது 1 ரூபாய் ஸ்டாப் ஒரு கேண்டிலின் சாதாரண அசைவிலேயே அடிபடும்.

அஞ்சு மடங்கு முழுசா எடுத்தா டார்கெட் சீக்கிரம் வராதா?

வராது. மடங்கு குவான்டிட்டியை மட்டும் மாற்றுகிறது, விலை நகரும் வேகத்தை அல்ல. ஒரு லட்சத்துக்கு முழுதாக எடுத்தால் 1,000 பங்கு, 4 ரூபாய் ஸ்டாப் அடித்தால் 4,000 ரூபாய், கணக்கில் 4 சதவீதம் ஒரே ட்ரேடில் போகும். ஒரு ட்ரேடுக்கு 1 சதவீதம்தான் இழப்பேன் என்று முடிவு செய்தால் 1,000 ரூபாயை 4ஆல் வகுத்து 250 பங்கு. மதிப்பு 1,25,000, மார்ஜின் 25,000 தான் பிடிக்கும்.

நேரக் கெடுவோடு இதற்குத் தொடர்பு உண்டு. மார்ஜின் முழுவதும் ஒரே பொசிஷனில் மாட்டியிருப்பவருக்கு 3:05க்கு வெளியே வருவது மனதளவில் கடினமாகிறது, இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று இழுக்கிறார். என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்களில் பலர் இப்படித்தான் ஆட்டோ ஸ்கொயர் ஆஃபில் மாட்டினார்கள்.

3:05 ஆயிடுச்சு, ஸ்டாப்பும் அடிக்கல டார்கெட்டும் வரல. டெலிவரியா மாத்திக்கலாமா?

மாற்ற முழுப் பணம் வேண்டும். மேலே சொன்ன 250 பங்குக்கு 1,25,000 ரூபாய், உங்களிடம் ஒரு லட்சம். 200 பங்கை மட்டும் இன்ட்ராடே வகையான MIS-இலிருந்து டெலிவரி வகையான CNC-க்கு மாற்றலாம், மீதி 50ஐ விற்க வேண்டும். பணம் இருந்தாலும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். இந்த ட்ரேடை 4 ரூபாய் ஸ்டாப்போடு திட்டமிட்டீர்கள். நாளை காலை பங்கு 15 ரூபாய் கீழே திறந்தால் அந்த ஸ்டாப்புக்கு அர்த்தம் இல்லை. டெலிவரிக்கு எஸ்டிடியும் இரண்டு பக்கமும் 0.1 சதவீதம்.

3:05க்கு விற்றுவிட்டு வாருங்கள். எட்டில் ஒன்று இப்படி முடியும் என்பது கணக்கிலேயே இருந்தது.

ஷார்ட் போனேன், பங்கு அப்பர் சர்க்யூட்ல பூட்டிக்கிச்சு. இப்ப ப்ரோக்கர் எப்படி மூடுவாங்க?

மூட முடியாது. அப்பர் சர்க்யூட் என்பது அன்று விலை ஏறக்கூடிய உச்ச எல்லை. அங்கே விற்க யாரும் இல்லாதபோது அவர்களாலும் வாங்க முடியாது. உங்களிடம் இல்லாத பங்கை விற்றிருக்கிறீர்கள், கொடுக்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் அந்தப் பங்கை வாங்கிக் கொடுக்கும். ஏலத்திலும் கிடைக்காவிட்டால் பணமாகத் தீர்ப்பார்கள். அந்த விலை, ட்ரேட் நாளிலிருந்து ஏல நாள் வரை வந்த உச்ச விலை அல்லது ஏல நாள் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது. ஐந்து மடங்கு எடுத்தவருக்கு 20 சதவீதம் என்றால் போட்ட முதல் முழுவதும்.

எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் இல்லை, எல்லை தொட்டால் அது தளர்த்தப்படும். மற்றவற்றுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என்று பூட்டு உண்டு. ஷார்ட் போவதென்றால் எஃப் அண்ட் ஓ பங்குகளில் மட்டும் போங்கள். லாங்கில் லோயர் சர்க்யூட் பூட்டினாலும் சிக்கல்தான், ஆனால் அங்கே பங்கு உங்கள் கைக்கு வரும், முழுப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

நான் 3 மணிக்கே மூடிட்டேன், ஆனா 3:15க்கு எனக்கு ஒரு ஷார்ட் பொசிஷன் இருக்கு! எப்படி?

பழைய ஸ்டாப் லாஸ் ஆர்டர். 250 பங்கை நீங்கள் கையால் விற்றீர்கள், ஆனால் முன்பு போட்ட விற்பனை SL ஆர்டர் அப்படியே காத்திருந்தது. விலை இறங்கி அதைத் தொட்டதும் இல்லாத 250 பங்கு விற்கப்பட்டது. எனக்கும் ஒருமுறை நடந்தது. கட் ஆஃபுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பார்த்துப் பதறி மூடினேன்.

வெளியேறும் வரிசையை மாற்றினால் இது வராது. தனி விற்பனை ஆர்டர் போடாமல், காத்திருக்கும் SL ஆர்டரையே திருத்தி மார்க்கெட் ஆர்டராக மாற்றுங்கள். ஒரே ஆர்டர், ஒரே விற்பனை. பிறகு பொசிஷன் பக்கத்தில் 0 இருக்கிறதா, ஆர்டர் பக்கத்தில் காத்திருப்பது எதுவும் இல்லையா என்று இரண்டையும் பாருங்கள்.

2 மணிக்கு எடுத்தா அப்படி என்ன ஆயிடும்? 3:05க்கு வெளிய வந்துடறேனே, நஷ்டம் இல்லையே?

நஷ்டம் என்று நேரடியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எடுத்ததாக நினைக்கும் ட்ரேட் அதுவல்ல. அதே 500 ரூபாய்ப் பங்கு, 4 ஸ்டாப், 8 டார்கெட், 1.20 நகர்வு. எந்தப் பக்கமும் சாய்வில்லாத விலையில் இப்படி 100 ட்ரேட் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன்.

நேரக் கெடுவே இல்லாவிட்டால் 67 ஸ்டாப், 33 டார்கெட். 11:23க்கு எடுத்தால் 61 ஸ்டாப், 27 டார்கெட், 12 நேரத்தால் மூடியவை. 2 மணிக்கு எடுத்தால் மீதி 13 கேண்டில்தான்: சுமார் 36 ஸ்டாப், 6 டார்கெட், 58 நேரத்தால் மூடியவை. அந்த 58இன் சராசரி பங்குக்கு ஒன்றரை ரூபாய் லாபம். அதாவது 4 ரூபாய் இழந்து 8 ரூபாய் பெறும் ட்ரேட் என்று நினைத்தது, 4 ரூபாய் இழந்து பெரும்பாலும் ஒன்றரை ரூபாய் பெறும் ட்ரேடாக மாறிவிட்டது. மேலே பார்த்த முப்பது சொச்சம் காசு செலவு, 8 ரூபாயில் தெரியாது. ஒன்றரை ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு.

அப்ப என் பழைய ட்ரேடுகளைச் சோதிக்கும்போது நேரத்தை எப்படிச் சேர்க்கறது?

ட்ரேட் நோட்டில் வெளியேறிய காரணத்துக்கு ஒரு பத்தி போடுங்கள்: ஸ்டாப், டார்கெட், நேரம். பிறகு என்ட்ரி நேரத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள், 11 மணிக்கு முன், 11 முதல் 1 வரை, அதற்குப் பின். நிஜச் சந்தை என் கணக்கைப் போலச் சீராகத் தடுமாறுவதில்லை, செய்தி வந்தால் ஒரே தாவலாகத் தாவும், ட்ரெண்ட் நாளில் ஒரே பக்கம் ஓடும். அதனால் உங்கள் எண்கள் மேலே உள்ள 61, 27, 12 போலவே இருக்காது.

ஆனால் நேரத்தால் மூடியவை ஒரு பகுதியில் கால்வாசியைத் தாண்டினால் அங்கே தூரம் நேரத்துக்குப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்டாப்பையும் டார்கெட்டையும் சுருக்கி, செலவு கழித்து மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி போட்டுப் பாருங்கள். மிச்சம் இல்லையென்றால் அந்த நேரத்துக்குப் பிறகு என்ட்ரி எடுப்பதை நிறுத்திவிடுங்கள். நான் அப்படித்தான் 1:30க்கு மேல் எடுப்பதை விட்டேன்.